படுக்கையில் படிக்க எந்த விளக்கு, எவ்வளவு உயரத்தில்?

கேள்வி: "இரவில் தலையணையில் சாய்ந்து ஒரு மணி நேரமாவது படிப்பேன். பக்கத்தில் மனைவி தூங்கிவிடுவார். சுவரில் மாட்டுகிற, கை மடங்கி நீளும் ஸ்விங் ஆர்ம் விளக்கு வாங்குவதா, கிளிப் விளக்கே போதுமா? சுவரில் என்றால் ஒருவர் நாலடி உயரம் என்கிறார், இன்னொருவர் ஐந்தடி என்கிறார். கட்டில் 150 செ.மீ. அகலம். மெத்தையின் மேல்மட்டம் தரையிலிருந்து 55 செ.மீ., தலைப்பலகை 105 செ.மீ."

உங்களுக்கு ஸ்விங் ஆர்ம் விளக்குதான் பொருந்தும். சாய்ந்து உட்கார்ந்து படிக்கிறேன் என்று நீங்கள் சொன்னதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். மல்லாந்து படுத்துப் புத்தகத்தை முகத்துக்கு மேலே பிடித்துப் படிப்பவராக இருந்தால் என் பதில் தலைகீழாக மாறும். அப்போது பக்கம் தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும். சுவரில் எவ்வளவு நல்ல விளக்கை மாட்டினாலும் வெளிச்சம் அட்டையின் முதுகில்தான் விழும். அந்த நிலையில் புத்தகத்திலேயே மாட்டும் சிறிய கிளிப் விளக்கு ஒன்றுதான் உதவும். ஒருக்களித்துப் படிப்பவர்களுக்கு வேறு சிக்கல். விளக்கு இருக்கும் பக்கம் திரும்பிப் படுத்தால் வெளிச்சம் கண்ணில் அடிக்கும், பக்கம் இருட்டில் கிடக்கும். விளக்குக்கு முதுகு காட்டிப் படுத்தால்தான் வெளிச்சம் தலைக்கு மேலாக வந்து புத்தகப் பக்கத்தில் விழும். ஆகவே கடைக்குப் போகுமுன் உறுதி செய்துகொள்ள வேண்டியது, அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்பதைத்தான்.

உயரத்துக்கு வருகிறேன். நாலடி, ஐந்தடி என்று இரண்டு பேர் இரண்டு அளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒருவர் விளக்கின் மூடி எங்கே நிற்கும் என்று சொல்கிறார், மற்றவர் சுவரில் திருகும் தகடு எங்கே வரும் என்று சொல்கிறார். இந்த இரண்டுக்கும் இடையே பத்து, பதினைந்து செ.மீ. வித்தியாசம் வரலாம். அதோடு, தரையிலிருந்து அளப்பதே சரியான தொடக்கம் இல்லை. கட்டிலின் உயரம், மெத்தை அமுங்கும் அளவு, தலையணைகளின் எண்ணிக்கை, உங்கள் முதுகின் நீளம் எல்லாம் சேர்ந்து கடைசியில் ஒரே ஓர் அளவாக நிற்கின்றன. படிக்கும்போது உங்கள் கண் எந்த மட்டத்தில் இருக்கிறது என்பதே அந்த அளவு.

அதை அளப்பது சுலபம். வழக்கமான தலையணைகளை வைத்துச் சாய்ந்து, உண்மையாகவே இருபது நிமிடம் படியுங்கள். உட்கார்ந்ததும் அளக்காதீர்கள். எல்லோரும் முதல் சில நிமிடங்கள் நிமிர்ந்து உட்கார்வார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிவார்கள். பத்து செ.மீ. வரை கண்மட்டம் இறங்குவது சாதாரணம். அப்படிச் சரிந்த பிறகு, ஒரு நீளமான அளவுகோலையோ மரச்சட்டத்தையோ கண்ணின் வெளி ஓரத்தை ஒட்டிப் படுக்கைவாட்டாகப் பிடியுங்கள். அதன் பின்முனை சுவரைத் தொடுமிடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். துணைக்கு ஒருவர் இருந்தால், சட்டம் மட்டமாக இருக்கிறதா என்று அவர் பக்கவாட்டில் நின்று பார்த்துச் சொல்லட்டும். அந்தக் கோட்டுக்கும் தரைக்கும் உள்ள தூரமே உங்கள் கண்மட்டம்.

உங்கள் மெத்தை 55 செ.மீ. என்கிறீர்கள். சாய்ந்திருக்கும் ஒரு பெரியவரின் கண் மெத்தை மட்டத்திலிருந்து 60 முதல் 70 செ.மீ. வரை இருக்கும். நடுவாக 65 என்று எடுத்துக்கொண்டால் கண்மட்டம் 120 செ.மீ. இந்த 120 என் ஊகம்தான், நீங்கள் போடும் பென்சில் கோடுதான் உண்மை. இனி நான் சொல்லும் அளவுகளை அந்தக் கோட்டுக்கு ஏற்ப ஏற்றி இறக்கிக்கொள்ளுங்கள்.

விளக்கு மூடியின் கீழ் விளிம்பு, கண்மட்டத்திலிருந்து அதற்கு 10 செ.மீ. மேல் வரை உள்ள பட்டைக்குள் நிற்க வேண்டும். உங்களுக்கு அது 120 முதல் 130 வரை. நான் 128 என்று வைக்கச் சொல்வேன். இதற்குக் காரணம் வெளிச்சத்தின் அளவு அல்ல, பல்பு கண்ணில் படக்கூடாது என்பதே. மூடியின் உள்ளே பல்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஒரு மறைவுக்கோணம் உண்டு. மூடியின் வாய் 12 செ.மீ. அகலமாக இருந்து, பல்பின் நுனி விளிம்பிலிருந்து 6 செ.மீ. உள்ளே இருந்தால், மூடி நேராகக் கீழே பார்க்கும்போது நடுவிலிருந்து வெளிச்சம் பக்கவாட்டில் ஏறத்தாழ 45 பாகை வரைதான் பரவும். அதற்கு மேலே இருக்கும் கண்ணுக்குப் பல்பு தெரியாது. பல்பு விளிம்பு வரை எட்டிப் பார்க்கும் விளக்குகளும் கடைகளில் நிறைய இருக்கின்றன. அவற்றை எந்த உயரத்தில் மாட்டினாலும் கண் கூசும். வாங்குமுன் விளக்கைக் கையில் எடுத்து, மூடியைக் கீழ்நோக்கிப் பிடித்து, விளிம்பைக் கண்ணுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். பிறகு ஒரு சாண் உயர்த்திப் பாருங்கள். அப்போதும் பல்பு தெரியாவிட்டால் அது நல்ல மூடி.

மூடி 128-இல் நிற்க வேண்டும் என்றால் தகடு எங்கே வரும்? நீங்கள் வாங்கும் விளக்கில் கைக்கும் மூடியின் கீழ் விளிம்புக்கும் உள்ள இறக்கத்தை அளந்து கூட்ட வேண்டும். அந்த இறக்கம் 12 செ.மீ. என்றால் கை தகட்டோடு சேருமிடம் 140-இல் வரும். உங்கள் தலைப்பலகை 105 செ.மீ. என்பதால் கை அதில் இடிக்காது. இந்த இறக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் தகட்டை 128-இல் மாட்டிவிடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி பார்க்கும் தவறு. மூடி 116-க்கு இறங்கித் தோளுக்குப் பக்கத்தில் தொங்கும். வெளிச்சம் புத்தகத்தின் ஓரத்தில் மட்டும் சிறு வட்டமாக விழும். ஐந்தடிக்கு மேல் மாட்டினால் நேரெதிரான தொந்தரவு. பக்கம் மங்கலாக இருக்கும், சரிந்து உட்கார்ந்தால் பல்பு கண்ணில் அடிக்கும், பக்கத்தில் தூங்குபவரின் முகத்துக்கும் வெளிச்சம் போய்ச் சேரும்.

அடுத்தது கையின் நீளம். இதைப் பலர் அழகுக்கான விஷயமாக நினைக்கிறார்கள். ஆனால் ஸ்விங் ஆர்முக்குக் கொடுக்கும் பணம் இதற்காகத்தான். சாய்ந்திருக்கும்போது உங்கள் கண் சுவரிலிருந்து சுமார் 35 செ.மீ. தள்ளி இருக்கும். அதில் தலைப்பலகை, தலையணை, தலை எல்லாம் அடக்கம். புத்தகத்தைக் கண்ணிலிருந்து 40 செ.மீ. தள்ளி, மடிப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் பக்கத்தின் நடு சுவரிலிருந்து 65 செ.மீ. தூரத்தில், தரையிலிருந்து 93 செ.மீ. உயரத்தில் இருக்கும். சுவரோடு ஒட்டிய விளக்கிலிருந்து வரும் வெளிச்சம் அந்தப் பக்கத்தை அடைய உங்கள் தலையையும் தோளையும் தாண்டியாக வேண்டும். தலைக்கு நேர் பின்னால் விளக்கு இருந்தால் உங்கள் தலையின் நிழலில்தான் படிப்பீர்கள். மூடி உங்கள் தோளுக்குச் சற்று வெளியே, சுவரிலிருந்து 55 செ.மீ. முன்னால் வந்து நின்றால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். அங்கிருந்து பக்கம் வரை சுமார் 42 செ.மீ. தான்.

தூரத்துக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம், வெளிச்சம் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது என்பது. 50 செ.மீ. தூரத்தில் இருந்த விளக்கை 70-க்குத் தள்ளினால் பக்கத்தில் விழும் வெளிச்சம் பாதியாகிவிடும். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பல்பை மாற்றுவதைவிட விளக்கைக் கிட்டே கொண்டுவருவதுதான் சிக்கனமான வழி, பக்கத்தில் இருப்பவருக்கும் அதுவே நல்லது.

உங்கள் கட்டிலுக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். 150 செ.மீ. கட்டிலில் உங்கள் பங்கு 75. அதன் நடுவில் நீங்கள் உட்கார்ந்தால், கட்டில் ஓரத்திலிருந்து உங்கள் உடம்பின் நடு சுமார் 38 செ.மீ. உள்ளே இருக்கும். மூடி உங்கள் நடுவிலிருந்து 20 செ.மீ. பக்கவாட்டில், அதாவது கட்டில் ஓரத்திலிருந்து 18 செ.மீ. உள்ளே நிற்க வேண்டும். தகட்டைக் கட்டில் ஓரத்திலிருந்து 12 செ.மீ. வெளியே, பக்கத்து மேசைக்கு மேலாக மாட்டினால், மூடி பக்கவாட்டில் 30 செ.மீ., முன்னால் 55 செ.மீ. வர வேண்டியிருக்கும். சாய்கோட்டில் அது 63 செ.மீ. அவ்வளவு நீளும் கை வேண்டும். பல விளக்குகளின் கை 50 செ.மீ. தான் நீளும். அப்படிப்பட்டதை வாங்கினால் தகட்டைக் கட்டிலின் ஓரத்துக்கு நேராகக் கொண்டுவந்துவிடுங்கள். மூடி சுவரிலிருந்து 47 செ.மீ. வரை வரும், அது போதும். 35 செ.மீ. கை உள்ளவற்றைப் படிப்பதற்கென்று வாங்க வேண்டாம். விளம்பரப் படத்தில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். "மொத்த நீட்சி" என்று குறிப்பிட்டிருக்கும் அளவைத் தேடிப் பாருங்கள். பெட்டியின் அளவையோ மடக்கிய நிலையின் அளவையோ பார்த்து ஏமாற வேண்டாம்.

உங்கள் மனைவியின் தூக்கமும் இதோடு சேர்ந்ததுதான். படுத்திருப்பவரின் கண்ணைக் கூச வைப்பது பெரும்பாலும் மூடியின் சாய்வு. விளக்கு எட்டாத தூரத்தில் இருந்தால், வெளிச்சம் புத்தகத்தில் விழ வேண்டுமே என்று மூடியை உங்கள் பக்கம் திருப்புவீர்கள். 30 பாகை திருப்பினாலே, முன்பு சொன்ன வெளிச்சம் பரவும் எல்லையும் அதே அளவு கட்டிலின் மறுபக்கத்துக்கு விரிந்துவிடும். மூடி அருகில் வந்து நேராகக் கீழே பார்த்து நின்றால் திருப்பத் தேவையே இல்லை. நாம் போட்ட கணக்கில், மறுபக்கம் படுத்திருப்பவரின் கண் மூடியிலிருந்து பக்கவாட்டில் 95 செ.மீ. தள்ளியும் 60 செ.மீ. கீழேயும் இருக்கிறது. அந்தக் கோணம் படுக்கைக்கோட்டிலிருந்து 32 பாகை. மூடியின் மறைவு 45 பாகை என்பதால் பல்பு அவர் கண்ணில் படாது. மூடி வெளிச்சம் ஊடுருவாததாக, உலோகமாக இருக்க வேண்டும். துணி, கண்ணாடி மூடிகள் அழகானவைதான். ஆனால் மூடியே ஒளிரும்போது இந்தக் கணக்கு எதுவும் செல்லாது. இத்தனை செய்தாலும் புத்தகத்தின் வெள்ளைத் தாளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கூரையில் லேசாகப் படரும், அதை நிறுத்த முடியாது.

டிரில்லைக் கையில் எடுக்குமுன் ஓர் இரவு ஒத்திகை பாருங்கள். ஒரு தடித்த அட்டையைக் கூம்பாகச் சுருட்டி ஒரு சிறிய டார்ச்சின் முனையில் ஒட்டுங்கள். ஒருவர் பக்கத்தில் நின்று, 128 செ.மீ. உயரத்தில், தோளுக்கு வெளியே, கீழ்நோக்கிப் பிடிக்கட்டும். நீங்கள் படியுங்கள். பக்கத்தைத் திருப்பும்போது கை நிழல் எழுத்தின் மேல் விழுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு சிறிய கண்ணாடியைத் திறந்த பக்கத்தின் மேல் படுக்கவைத்துப் பாருங்கள். அந்தக் கண்ணாடியில் டார்ச் தெரிந்தால், வழவழப்பான தாளில் அதே இடத்தில் வெள்ளைப் பளபளப்பு விழுந்து எழுத்து மறையும். விளக்கை ஒரு சாண் முன்னாலோ பக்கத்திலோ நகர்த்தினால் அது போய்விடும். மங்கலான சாதாரணத் தாளில் இது அவ்வளவாகத் தெரியாது, படங்கள் நிறைந்த புத்தகங்களில் நன்றாகவே தெரியும். இடம் முடிவானதும் அங்கே ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டு, மறுநாளும் அதே இடம் சரியாகப் படுகிறதா என்று பாருங்கள்.

மாட்டும் வேலையில் கவனிக்க வேண்டியது, நீண்ட கை ஒரு நெம்புகோல் என்பது. விளக்கின் எடை 1.2 கிலோ என்று வையுங்கள். கை முழுதாக நீண்டிருக்கும்போது அந்த எடை சுவரிலிருந்து சராசரியாக 35 செ.மீ. தள்ளி நிற்கிறது. தகட்டின் மேல் திருகுக்கும் கீழ்த் திருகுக்கும் 8 செ.மீ. இடைவெளி என்றால், மேல் திருகைச் சுவரிலிருந்து பிடுங்கும் இழுப்பு 5 கிலோவுக்குச் சற்று மேல். தூக்கக் கலக்கத்தில் மூடியைப் பிடித்து 2 கிலோ அளவு அழுத்திவிட்டால் இன்னொரு 15 கிலோ சேரும். மொத்தம் 20 கிலோ, அத்தனையும் ஒரே திருகில். கீழ்த் திருகு கிட்டத்தட்டச் சும்மா இருக்கும். அதனால் மேல் திருகுக்குத்தான் நல்ல பிடிமானம் தேவை, விளக்கோடு பெட்டியில் வரும் குட்டைத் திருகை நம்ப வேண்டாம்.

செங்கல் சுவரானால் 6 மி.மீ. பிட், அதற்கேற்ற பிளாஸ்டிக் பிளக், 50 மி.மீ. திருகு. துளை போடும்போது விழும் தூளைக் கவனியுங்கள். முதலில் வரும் சாம்பல் நிறத் தூள் பூச்சு, சிவப்புத் தூள் வரத் தொடங்கினால் செங்கல் வந்துவிட்டது. பூச்சு 12 முதல் 20 மி.மீ. வரை இருக்கும், அதில் பிடிமானமே கிடையாது. பிளக் முழுவதும் சிவப்புத் தூள் வந்த ஆழத்தில் உட்கார வேண்டும். அதற்குத் துளை 55 மி.மீ. வரை போக வேண்டியிருக்கும். துளைக்குள் தங்கும் தூளை ஊதியோ பிரஷ் விட்டோ எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பிளக் சுற்றும். பிட் உள்ளே போய்த் திடீரென்று வழுக்கிப் பூச்சு உதிர்ந்தால், செங்கற்களுக்கு இடையிலான சாந்தில் துளைத்திருக்கிறீர்கள். ஓரிரு செ.மீ. மேலோ கீழோ நகர்வது நல்லது. ஜிப்சம் பலகைச் சுவரானால் பலகைக்குப் பின்னால் சட்டம் இருக்கும் இடத்தில்தான் மேல் திருகு போக வேண்டும். வெற்றுப் பலகையில் போட்டால், பலகையின் பின்னால் விரியும் வகை ஆங்கர் போட்டாலும் நாள்பட நீண்ட கை ஆட்டி ஆட்டித் துளையைப் பெரிதாக்கிவிடும். உங்கள் சுவர் எது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு விரலால் தட்டிப் பாருங்கள், உள்ளே வெற்றிடம் போல் ஒலித்தால் செங்கல் அல்ல.

தகட்டைத் திருகும்போது ஸ்பிரிட் லெவலை நெட்டுக்குத்தாக வைத்துப் பாருங்கள். தகடு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தாலும், சரியாக மாட்டாத கதவு தானே திறந்துகொள்வதுபோல, விளக்கின் கை தானே சரிவுப் பக்கம் நகரும். "கை நிற்கவே மாட்டேன் என்கிறது" என்று விளக்கைக் குறை சொல்பவர்களில் பலருக்கு உண்மைக் காரணம் இதுதான். மூட்டுகளில் இருக்கும் இறுக்குத் திருகு அதற்கு அடுத்துப் பார்க்க வேண்டியது.

மின்சாரத்தைப் பற்றி ஒன்று. கட்டிலின் பக்கத்தில் சாக்கெட் இருக்கும், அதற்கான வயர் பெரும்பாலும் சாக்கெட்டுக்கு நேர் மேலே சுவருக்குள் ஓடும். விளக்கு மாட்ட நாம் தேர்ந்தெடுக்கும் இடமும் அதுவேதான். சாக்கெட்டுக்கோ சுவிட்சுக்கோ நேர் மேலேயும் நேர் பக்கத்திலும் துளை போடாதீர்கள், கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், மெயினை அணைத்துவிட்டுப் போடுங்கள். சுவருக்குள்ளிருந்து வயர் எடுத்து இணைக்கும் வகையை வாங்கினால் எலக்ட்ரீஷியனை அழையுங்கள், இங்கே எழுத்தில் சொல்லித்தரும் வேலை அல்ல அது. பிளக் குத்தும் வகை என்றால் நீங்களே மாட்டலாம். வயர் கையோடு அசையும் வகையில் முதல் மூட்டருகே ஒரு சிறு தளர்வு விட்டு, மீதியைச் சுவரோடு பட்டையில் அடக்கிவிடுங்கள். சுவிட்ச் மூடியிலோ தகட்டிலோ இருக்கட்டும். வயரின் நடுவில் இருந்தால் அது கட்டிலுக்கும் மேசைக்கும் இடையில் விழுந்துவிடும், தூக்கம் வரும் நேரத்தில் தேடித் தடவ வேண்டியிருக்கும்.

பல்பின் விஷயத்தில் லூமென் எண்ணை மட்டும் பார்த்தால் தவறிவிடும். வெளிச்சம் எந்தப் பக்கம் போகிறது என்பதும் சேர்ந்தது அது. லென்ஸ் வைத்து ஒரே திசையில் அடிக்கும் எல்.இ.டி. தலையானால் 200 முதல் 250 லூமெனே 50 செ.மீ. தூரத்துக்குத் தாராளம். எல்லாப் பக்கமும் பரவும் சாதாரண பல்பை உள்ளே வெள்ளை பூசிய மூடியில் போட்டால், பாதிக்கு மேல் மூடியிலேயே அலைந்து வீணாகும். அதற்கு 800 லூமென், அதாவது 8, 9 வாட் எல்.இ.டி. வேண்டும். பக்கத்தின் மேல் விழும் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் இருக்க வேண்டும் என்று சொல்வார்கள். அது மேசை வேலைக்கான அளவு. இருட்டறையில் பெரிய எழுத்து நாவல் படிக்க அதைவிடக் குறைவிலும் பலர் வசதியாகவே இருக்கிறார்கள். வயது ஏற ஏறத் தேவை கூடும் என்பது உறுதி. அறுபது வயதில் விழித்திரைக்கு எட்டும் வெளிச்சம், இருபது வயதில் எட்டியதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் உள்ளதாக வாங்குங்கள், அதிகபட்சத்தை உங்கள் வயதும் எழுத்தும் முடிவு செய்யட்டும். நிறம் 2700 கெல்வின், இளமஞ்சள். நீலம் கலந்த வெளிச்சம் தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பை அடக்கும் என்பது நிரூபணமானது. ஆனால் பக்கத்தில் மட்டும் விழும் ஒரு சிறிய மஞ்சள் விளக்கு ஒருவரின் தூக்கத்தை எத்தனை நிமிடம் தள்ளிப்போடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். குறைந்த வெளிச்சத்தில் படித்தால் பார்வை நிரந்தரமாகக் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். கண் களைக்கும், வறளும், தலை வலிக்கும், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும்.

இனி கிளிப். தலைப்பலகையில் கவ்வும் வகையை உங்கள் கட்டிலில் பொருத்திப் பார்ப்போம். பலகையின் மேல் விளிம்பு 105-இல் இருக்கிறது, சுவரிலிருந்து 7 செ.மீ. முன்னால் என்று வைப்போம். அங்கிருந்து நாம் சொன்ன இடத்துக்கு, 128 உயரத்துக்கும் சுவரிலிருந்து 55 செ.மீ. முன்னாலும் வர வேண்டுமானால் வளையும் கழுத்து 53 செ.மீ. நேர்க்கோட்டில் நீள வேண்டும். வளைவுக்கும் சேர்த்தால் 60. பெரும்பாலான கிளிப் விளக்குகளின் கழுத்து 30, 40 செ.மீ. தான். அதனால் அது பின்னாலேயே நின்றுவிடும், தலை நிழலும் மூடிச் சாய்வும் திரும்ப வந்துவிடும். 60 செ.மீ. கழுத்து உள்ளவை இருக்கின்றன. அவை சில மாதங்களில் மெல்லத் தலை கவிழத் தொடங்கும், ஒவ்வோர் இரவும் நிமிர்த்திவிட வேண்டும். கவ்வும் வாய் அதிகபட்சம் 5, 6 செ.மீ. தான் திறக்கும், பலகையின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். மெத்தை வைத்துத் தைத்த தலைப்பலகையில் கிளிப் நழுவிச் சுற்றும். கட்டில் அசையும்போதெல்லாம் வெளிச்சமும் அசையும். மனைவி புரண்டு படுத்தால் உங்கள் பக்கத்தில் எழுத்து ஆடும். சுவரில் துளை போடவே முடியாத வீட்டில் இதை ஏற்றுக்கொள்ளலாம், உங்கள் நிலையில் தேவையில்லை.

புத்தகத்தில் மாட்டும் கிளிப் வேறு ரகம், அதன் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். 15 செ.மீ. தூரத்திலிருந்து அடிப்பதால் அதற்கு 20, 30 லூமெனே போதும். சுவர் விளக்கோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்கு வெளிச்சம்தான் அறைக்குள் வருகிறது. மிக லேசாகத் தூங்குபவர் பக்கத்தில் இருந்தால் இதைவிட நல்லது இல்லை. ஆனால் கிட்டே இருப்பதே அதன் குறையும். விளக்கிலிருந்து பக்கத்தின் மேல்வரி 12 செ.மீ., கடைசி வரி 25 செ.மீ. என்றால், மேலே விழும் வெளிச்சம் கீழே விழுவதைவிட நாலு மடங்குக்கும் அதிகம். கண் ஒவ்வொரு பக்கத்திலும் வெளிச்சத்திலிருந்து மங்கலுக்கு இறங்கி, மறுபடி ஏற வேண்டும். ஒரு மணி நேரத்தில் இது களைப்பைத் தரும். ஒற்றைப் பொட்டு எல்.இ.டி. உள்ளதைவிட, நாலைந்து எல்.இ.டி. வரிசையாக வைத்த அகலத் தலை உள்ளதில் இந்த ஏற்றத்தாழ்வு குறைவு. மெல்லிய அட்டைப் புத்தகத்தில் அதன் எடை அட்டையை மடக்கும், சில பக்கங்களுக்கு ஒரு முறை கழற்றி மாட்டவும் வேண்டியிருக்கும். அட்டையோடு பத்திருபது பக்கங்களையும் சேர்த்துக் கவ்வினால் நிலையாக நிற்கும்.

நீங்கள் ஒரு மணி நேரம் சாய்ந்து படித்துவிட்டு, கடைசிப் பத்து நிமிடம் மல்லாந்து படுத்துப் படிப்பவராக இருந்தால் அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு சிறிய புத்தகக் கிளிப்பை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். சுவர் விளக்கை அணைத்து, கையை மடக்கிச் சுவரோடு சேர்த்துத் தள்ளிவிட்டே படுங்கள். நீட்டியபடி விட்டால் காலையில் எழும்போது தலை இடிக்கிற இடத்தில்தான் மூடி இருக்கும்.